கடைசிப் பத்து மீட்டர்: ஒரு 4கே ஃப்ரேமின் பயணம்

வீட்டில் 4கே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை இரண்டு மூன்று நொடி கறுத்துவிட்டுத் திரும்பி வந்தால், பழி முதலில் இணையத்தின் மேல் விழும். அடுத்து டிவியின் மேல். ஆனால் இணையம் சுணங்கினால் படம் மங்கும், இல்லையென்றால் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். திரை முழுக்கக் கறுத்து, சத்தமும் கூடவே போய், பிறகு ஒன்றும் நடக்காதது போலப் படம் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது என்றால், தவறு பெரும்பாலும் ஸ்ட்ரீமிங் பெட்டிக்கும் டிவிக்கும் இடையே உள்ள சில மீட்டர் கேபிளிலும் அதன் இரு முனைகளிலும்தான் இருக்கிறது. 4கே வாங்கிய வீட்டில் படம் 1080பி ஆகவே வந்து நிற்பதற்கான காரணமும் பெரும்பாலும் அங்கேதான். அந்தச் சில மீட்டரில் என்ன நடக்கிறது என்று அறிய ஒரே ஒரு ஃப்ரேமைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து போகலாம்.

பெட்டிக்குள் பிறப்பு

4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். இவ்வளவு குறைந்த வேகமே போதுவதற்குக் காரணம், இணையத்தில் வருவது முழுப் படம் அல்ல என்பது. முந்தைய ஃப்ரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் கணக்குப் போட்டுச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஸ்ட்ரீமிங் பெட்டிக்குள் இருக்கும் டிகோடர் அந்தச் சுருக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக எழுதுகிறது. நம் ஃப்ரேம் பிறப்பது அந்த இடத்தில்தான்.

பிறந்ததும் அதன் எடையைப் பார்ப்போம். அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள். பெருக்கினால் 82,94,400 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 8 பிட். ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ இரண்டரைக் கோடி பைட். இப்படி நொடிக்கு 60.

கேபிளில் ஏறும்போது எடை இன்னும் கூடுகிறது. குழாய் டிவி காலத்தில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்ப இடைவெளி தேவைப்பட்டது. அந்த வெற்றிடம் இன்றைய டிவியிலும் தொடர்கிறது. ஒலியும் சில குறிப்புகளும் அதில் பயணிக்கின்றன. அதையும் சேர்த்தால் ஃப்ரேம் 4400 × 2250 ஆகிவிடும். அதாவது 99 லட்சம் பிக்சல். நொடிக்கு 60 என்றால் 59.4 கோடி. கம்பியில் மின்னழுத்தம் சீராக ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். ஆக, ஒரு பிக்சலுக்கு 30 பிட். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு 17.82 ஜிகாபிட் வருகிறது.

15 மெகாபிட்டாக வீட்டுக்குள் வந்த படம், பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும்போது ஏறத்தாழ 1,200 மடங்கு பருத்துவிட்டது. கடல் கடந்து வந்ததைவிடச் சுவர் தாண்டுவது அதற்குக் கடினம். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப் சிக்கலில்லாமல் ஓடுவதும், பக்கத்துப் பெட்டி வழியாக வரும் அதே படம் கண்சிமிட்டுவதும் இதனால்தான். டிவியின் சொந்த ஆப்புக்குக் கேபிள் பயணமே கிடையாது. இணையத்தைச் சந்தேகிப்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை முதலில் பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன் ஒரு விசாரணை

பெட்டி ஃப்ரேமை உடனே அனுப்பிவிடாது. எதிரே யார் இருக்கிறார்கள், அவர்களால் எதை வாங்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். எச்டிஎம்ஐ இணைப்பில் 19 முனைகள் உண்டு. 18ஆம் முனையில் பெட்டி 5 வோல்ட் கொடுக்கிறது. டிவி அதைக் கண்டதும் 19ஆம் முனையை உயர்த்தி, ‘இருக்கிறேன்’ என்று காட்டுகிறது. இந்த முனைக்கு ஹாட் பிளக் என்று பெயர். அதன் பிறகு 15, 16ஆம் முனைகளில் உள்ள மெதுவான இரு கம்பிகள் வழியாகப் பெட்டி டிவியின் ஜாதகத்தை வாசிக்கிறது. இடிஐடி எனப்படும் அந்தச் சிறு பட்டியலில் டிவியால் காட்ட முடிந்த அளவுகள், வேகங்கள், நிற ஆழம், எச்டிஆர் வகை எல்லாம் இருக்கும்.

சத்தமில்லாமல் தரம் இறங்கும் முதல் இடம் இதுதான். பல டிவிகள் தங்கள் போர்ட்டுக்கு இரண்டு இடிஐடி வைத்திருக்கின்றன. ஒன்று பழைய கருவிகளுக்காக அடக்கமாகப் பேசும். மற்றொன்று முழுத் திறனையும் சொல்லும். எதைக் காட்டுவது என்பது மெனுவில் இருக்கும் ஓர் அமைப்பைப் பொறுத்தது. ஒரு டிவியில் அது `HDMI UHD Color` என்று இருக்கும். இன்னொன்றில் `HDMI signal format` என்று இருக்கும். அது அணைந்திருந்தால், நொடிக்கு 60 ஃப்ரேமை முழு நிறத்தோடு வாங்கத் தெரியாத டிவி என்றே பெட்டி முடிவு செய்துவிடும். திரை கறுக்காது, பிழைச் செய்தி வராது. 4கே 30 ஹெர்ட்ஸிலோ குறைந்த நிறத்திலோ வந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

நிறத்தைக் குறைப்பது எப்படி என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், பின்னால் தேவைப்படும். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைக் கூர்மையாகவும் நிறத்தின் நுணுக்கத்தைச் சற்றுத் தளர்வாகவும் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாக அனுப்பிவிட்டு, நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத்தை அனுப்பலாம். இதை 4:2:0 என்று குறிப்பார்கள். பாதிச் சுமை குறைந்து 17.82 ஜிகாபிட் 8.91 ஆகிவிடும். இணையத்தில் வரும் படமும் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதால் சினிமாவில் இழப்பு கண்ணுக்குப் படாது. கணினித் திரையின் சிறிய வண்ண எழுத்துகளில் மட்டும் ஓரம் கசிந்தது போலத் தெரியும்.

மூன்று தடங்கள், மூன்றரை சென்டிமீட்டர் பிட்

இனி ஃப்ரேம் கேபிளில் ஏறுகிறது. உள்ளே அதற்கென்று மூன்று இணைக்கம்பிகள். நான்காவது இணை கடிகாரத் துடிப்பைச் சுமக்கிறது. 17.82 ஜிகாபிட் மூன்றாகப் பிரிந்தால் ஒரு தடத்தில் நொடிக்கு 5.94 ஜிகாபிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் 168 பங்கு. செம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை வைத்துப் பார்த்தால், கம்பிக்குள் ஒரு பிட்டின் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். பத்து மீட்டர் கேபிளில் ஒரே தடத்தில் கிட்டத்தட்ட 280 பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

தூரம் கூடக்கூட இந்தத் துடிப்பின் விளிம்புகள் தேய்கின்றன. செம்பு வேகமான மாற்றங்களை மெதுவானவற்றைவிட அதிகமாக விழுங்கும். கூரான ஏற்ற இறக்கமாகக் கிளம்பியது மறுமுனையில் மழுங்கிப் போய், ஒரு பிட்டின் வால் அடுத்த பிட்டின் மேல் படியும். டிவியில் இருக்கும் சுற்று, தேய்ந்ததை ஓரளவு திருத்திப் படிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு உள்ளே எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். தாண்டியதும் சட்டென்று சரியும். பழைய ஆன்டெனா படம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளியடிப்பது இங்கே கிடையாது. அதனால்தான் ஆறு மீட்டர் வரை சரியாக இருந்த அதே வகைக் கேபிள் பத்து மீட்டரில் அடியோடு கைவிடுகிறது.

இந்தத் தடங்களில் பிக்சலுக்குப் பிழைதிருத்தும் ஏற்பாடு கிடையாது. தவறிய பிட்டைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. ஒரு பிட் தப்பாகப் படிக்கப்பட்டால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியோ நிறம் மாறிய புள்ளியோ ஒரு கணம் மின்னி மறையும். இருட்டான காட்சியில் ஆங்காங்கே இப்படிப் பொறி பறந்தால் கேபிள் எல்லையில் நிற்கிறது என்று பொருள். அதற்கு மேல் பிழை கூடினால் குறுக்குக் கோடுகள் வரும். இன்னும் கூடினால், எந்தப் பிட்டில் பிக்சல் தொடங்குகிறது என்ற பிடியையே டிவி இழந்துவிடும். அப்போதுதான் திரை முழுக்கக் கறுக்கிறது. பிடியை மீண்டும் பெற ஓரிரு நொடி ஆகும். அதுதான் நாம் காணும் சிமிட்டல்.

எச்டிஎம்ஐ 2002இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தபோது மொத்த வேகம் 4.95 ஜிகாபிட்டாகத்தான் இருந்தது. 2006இல் அது 10.2 ஆனது, 2013இல் வந்த 2.0 பதிப்பு அதை 18க்கு உயர்த்தியது. 19 முனையும் பிளக்கின் வடிவமும் மட்டும் மாறவில்லை. அந்தத் தொடர்ச்சியின் விலையை இன்று வீடுகள் கொடுக்கின்றன. 2010இல் சுவருக்குள் புதைத்த கேபிள் அதிகமாகப் போனால் 10.2க்கே சோதிக்கப்பட்டிருக்கும். புதுப் பெட்டியிலும் புது டிவியிலும் அது அழகாகப் பொருந்தும், படமும் வரும். 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தைக் கேட்கும் வரை அதன் எல்லை வெளியே தெரியாது.

ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கைகுலுக்கல்

பாதை போதுமான அளவு அகலமாக இருந்தாலும் ஃப்ரேம் திறந்தபடி பயணிக்க முடியாது. நகல் எடுக்காமல் தடுக்க அதைப் பூட்டி அனுப்ப வேண்டும் என்பது படத்தின் உரிமையாளர்கள் விதிக்கும் நிபந்தனை. அந்தப் பூட்டின் பெயர் எச்டிசிபி. அதை உருவாக்கியது இன்டெல். அதன் முதல் தலைமுறையின் மூலச்சாவி 2010 செப்டம்பரில் வெளியே கசிந்தது. அது உண்மையானதுதான் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. அதனால் 4கே வந்தபோது பழைய பூட்டை யாரும் நம்பவில்லை. முற்றிலும் வேறு கணக்கில் அமைந்த எச்டிசிபி 2.2 கட்டாயமானது. 2016இல் கடைக்கு வந்த 4கே ப்ளூ-ரே டிஸ்க்குகளும், வெளிப்பெட்டி வழியே வரும் 4கே ஸ்ட்ரீமிங்கும் அதையே கேட்கின்றன.

பெட்டியும் டிவியும் பூட்டுச் சாவியை ஒத்துக்கொள்ளும் முறையைத்தான் கைகுலுக்கல் என்கிறார்கள். பெட்டி பேச்சைத் தொடங்குகிறது. டிவி தன் சான்றிதழைக் கொடுக்கிறது. 522 பைட் கொண்ட அதில் டிவியின் அடையாள எண், பொதுச் சாவி, உரிமம் தரும் அமைப்பின் கையொப்பம் மூன்றும் இருக்கும். கையொப்பம் மெய்தானா, அந்த அடையாளம் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பெட்டி சரிபார்க்கிறது. பிறகு ஒரு ரகசிய எண்ணை அந்தப் பொதுச் சாவியால் மூடி அனுப்புகிறது. அதைத் திறந்துவிட்டதற்கான நிரூபணத்தை டிவி ஒரு நொடிக்குள் திருப்பித் தர வேண்டும். முன்பே பழகிய ஜோடியானால் 200 மில்லிநொடி போதும். அடுத்து ஒரு தூரச் சோதனை: பெட்டி கேட்கும் கேள்விக்கு 20 மில்லிநொடிக்குள் பதில் வந்தாக வேண்டும். எதிரில் இருக்கும் டிவி உண்மையிலேயே அதே வீட்டில் இருக்கிறதா, இல்லை இணையம் வழியாக எங்கோ தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே இதன் நோக்கம். எல்லாம் ஒத்துவந்தால் சாவி கைமாறும். ஃப்ரேம் பூட்டப்பட்டுக் கிளம்பும்.

இந்தப் பேச்சு முழுவதும் படம் ஓடும் வேகத் தடங்களில் நடப்பதில்லை. முன்பு இடிஐடி வாசித்த அதே மெதுவான இரு கம்பிகளில்தான் நடக்கிறது. அதன் இயல்பான வேகம் நொடிக்கு ஒரு லட்சம் பிட். சான்றிதழ் மட்டும் போய்ச்சேரவே சுமார் 50 மில்லிநொடி ஆகும். கேபிள் நீண்டால் இந்தக் கம்பிகளில் மின்னழுத்தம் ஏறுவது மந்தமாகும். நடுவில் ஒரு பைட் தப்பினால் பேச்சு முறிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். படத் தடங்கள் நன்றாக இருந்தும் கைகுலுக்கல் மட்டும் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளியிழைக் கேபிள்களில்கூடப் பலவற்றில் படம் ஒளியாகப் போகும். இந்தப் பேச்சு மெல்லிய செம்புக் கம்பியில்தான் போகும்.

நடுவில் ஆடியோ ரிசீவர் ஒன்று இருந்தால் வேலை இரட்டிப்பாகிறது. பெட்டி ரிசீவரோடு கைகுலுக்கும். ரிசீவர் டிவியோடு தனியாகக் கைகுலுக்கும். தனக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மூன்று நொடிக்குள் ரிசீவர் மேலே அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒருவர் பழைய எச்டிசிபி மட்டுமே அறிந்தவராக இருந்தால் 4கே படத்தை அங்கே அனுப்பக் கூடாது என்பது விதி. பெட்டி அப்போது பிழை காட்டி நிற்கும். அல்லது அமைதியாக 1080பிக்கு இறங்கிவிடும். இந்த இறக்கத்தில் சிமிட்டல் இருக்காது, பொறி பறக்காது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறவும் மாறாது.

ஒரு செய்தி இங்கே பலருடைய பயத்தைக் குறைக்கும். மெனு 60 ஹெர்ட்ஸில் இருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் தொடங்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இணைப்பை அவிழ்த்து, வேகத்தை மாற்றி, கைகுலுக்கலையும் மீண்டும் செய்கிறார்கள். அதனால் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை இரண்டு மூன்று நொடி கறுப்பது இயல்பு. படத்தின் நடுவே கறுப்பதுதான் நோய்.

ஒரு நோய், இன்னொன்றின் முகத்தோடு

பாதையின் அகலம், பூட்டின் அனுமதி. இந்த இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்றாலும் ஒன்று மற்றொன்றின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பெட்டியும் டிவியும் ஓடும்போதும் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. படத்தின் இடைவெளிகளில் வரும் தகவல் பொட்டலங்கள் தொடர்ந்து பிழையோடு வந்தால், பூட்டும் சாவியும் ஒத்துப்போகவில்லை என்று டிவி முடிவு செய்து மறு கைகுலுக்கல் கேட்கும். பெட்டி உடனே படத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கும். சில பெட்டிகள் அந்த இடைவேளையில் `HDCP` என்ற எழுத்தோடு ஒரு பிழைச் செய்தியையும் காட்டும்.

அந்தச் செய்தியைப் படிப்பவர் நகல் தடுப்பில்தான் கோளாறு என்று நினைப்பார். உண்மையில் தேய்ந்தது கம்பி. கேபிள் 17.82 ஜிகாபிட்டைத் தாங்காததால் பொட்டலங்கள் கெட்டன. பொட்டலங்கள் கெட்டதால் பூட்டு சந்தேகப்பட்டது. பெட்டியை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, சேவை மையத்துக்கு அலைந்து ஓய்ந்த பிறகும் சிமிட்டல் நிற்காத வீடுகளில் கதை பெரும்பாலும் இதுவே.

மதுரையில் ஒரு கூடம்

எனக்குத் தெரிந்த மதுரைக் குடும்பம் ஒன்றில் இரண்டு சிக்கல்களும் ஒரே நேரத்தில் குடியிருந்தன. கூடத்தின் ஒரு பக்கம் ஸ்ட்ரீமிங் பெட்டியும் 2015இல் வாங்கிய ரிசீவரும். எதிர்ச்சுவரில் டிவி. நடுவில் வீடு கட்டும்போதே குழாய்க்குள் விட்ட பத்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். மெனுவில் இருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்தது. எப்போதாவது `HDCP` பிழை வந்தது. படம் ஓடும்போது கறுக்கவில்லை. ஆனால் எந்தப் படமும் 1080பியைத் தாண்டவில்லை.

“பெட்டியை மாத்திட்டோம் தம்பி, நெட் பிளானையும் ஏத்திட்டோம். அப்பவும் இதே கதைதான்” என்றார் வீட்டுக்காரர்.

“படத்துல கறுக்குதாண்ணே, மெனுவுலயா?” என்று கேட்டேன். மெனுவில் மட்டும்தான் என்றார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மெனு நொடிக்கு 60 ஃப்ரேம், 17.82 ஜிகாபிட். படம் 1080பியில் வந்ததால் அதன் சுமை மிகக் குறைவு. சுமை கூடும்போது மட்டும் கறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் பாதையின் மேல்தான்.

ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முதலில் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் எடுத்துப்போய், சான்று பெற்ற இரண்டு மீட்டர் கேபிளால் நேராக இணைத்தோம். மெனு கறுக்கவில்லை; படமும் 4கேயில் வந்தது. ஆக, பெட்டி, டிவி, டிவியின் போர்ட், இணையம் நான்கும் குற்றமற்றவை.

அடுத்து ரிசீவரையும் டிவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டு குட்டைக் கேபிளால் நடுவில் சேர்த்தோம். மெனு இப்போதும் கறுக்கவில்லை. ஆனால் படம் 1080பிக்கு இறங்கிவிட்டது. தரம் இறங்குவதற்குக் காரணம் ரிசீவர். அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால், ஏழு உள்ளீடுகளில் மூன்றின் மேல் மட்டும் `HDCP 2.2` என்று அச்சிட்டிருந்தது. அந்த ஆண்டுகளின் ரிசீவர்கள் பலவற்றில் இப்படித்தான். பெட்டி செருகியிருந்தது மற்ற நான்கில் ஒன்றில். இடம் மாற்றியதும் 4கே வந்துவிட்டது. ஒரு சிக்கல் காசு செலவில்லாமல் தீர்ந்தது.

பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து மீட்டர் கேபிளைச் செருகினோம். படம் 4கேயில் வந்தது. மெனு மீண்டும் கறுத்தது. பெட்டியின் அமைப்பில் 60 ஹெர்ட்ஸை அப்படியே வைத்து, நிறத்தை மட்டும் 4:2:0 ஆக்கினோம். சுமை 8.91 ஜிகாபிட்டுக்கு இறங்கியதும் கறுப்பதும் நின்றது. பிழைச் செய்தியும் அதன் பிறகு வரவில்லை. நகல் தடுப்பு முறையில் எதையும் தொடாமலேயே `HDCP` பிழை மறைந்ததால் குற்றவாளி கேபிள் என்பது உறுதியானது. படம் ஏன் கறுக்கவில்லை என்பதற்கும் இதே கணக்கு பதில் சொல்லும்: நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓடும் 4கே படத்தின் சுமை 8.91 ஜிகாபிட், 10 பிட் நிறத்தோடு முழுதாகப் போனாலும் 11.14தான்.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். படத்தின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப மாறும் அமைப்பு பெட்டியில் அணைந்திருந்தால் எல்லாப் படமும் 60 ஹெர்ட்ஸிலேயே போகும். அப்போது மெனு, படம் இரண்டும் ஒரே மாதிரி கறுக்கும். மேலே சொன்ன குறிப்பு உதவாது. நிறத்தை 4:2:0க்கு இறக்கிப் பார்க்கும் சோதனை எந்த வீட்டிலும் பேசும்.

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. 4:2:0இலேயே விட்டுவிடலாம், படம் பார்க்க அது போதும். விளையாட்டுக் கருவியையும் இணைக்கப் போகிறோம் என்றதால் கேபிளையே மாற்ற முடிவு செய்தார்கள். நல்லவேளையாகக் குழாய் இருந்தது. பழைய கேபிளின் முனையில் கயிறு கட்டி இழுத்து, அதன் வழியே ஒளியிழைக் கேபிளைச் செலுத்தினார்கள். அந்த வகைக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் `Source`, மறுமுனையில் `Display` என்று எழுதியிருக்கும். மாற்றி விட்டால் படமே வராது. சுவருக்குள் விடும் முன் இதைப் பார்க்காதவர்கள் முழுவதையும் உருவி எடுக்க நேரும்.

வாங்கும் முன், பூசும் முன்

கடையில் “இது 2.0 கேபிள், அது 2.1 கேபிள்” என்று சொல்வதை நம்ப வேண்டாம். கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது. அப்படி அச்சிடுவதை எச்டிஎம்ஐ உரிம விதியே தடுக்கிறது. பார்க்க வேண்டியவை இரண்டு பெயர்கள். 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்தது `Premium High Speed`. 48 ஜிகாபிட்டுக்குச் சோதித்தது `Ultra High Speed`. இரண்டின் உறையிலும் ஒட்டியிருக்கும் சான்றுச் சீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து சரிபார்க்க முடியும். சீட்டு இல்லாத கேபிளில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அது வெறும் எழுத்துதான். தங்கமுலாமும் விலையும் எந்த உறுதியும் தருவதில்லை. சாதாரணச் செம்புக் கேபிளை ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒளியிழைக்குப் போய்விடுங்கள்.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எச்டிஎம்ஐ கேபிளைச் சுவரில் நேராகப் புதைக்காதீர்கள். அகலமான குழாய் விடுங்கள், வளைவுகளைத் தாராளமாக வையுங்கள், உள்ளே ஓர் இழுகயிறும் இருக்கட்டும். பூச்சு வேலை தொடங்கும் முன் பெட்டியையும் டிவியையும் அந்தக் கேபிளில் இணைத்து, 4கே 60 ஹெர்ட்ஸ், முழு நிறம் என்று வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பொறி பறக்காமல், ஒருமுறைகூடக் கறுக்காமல் ஓடினால் மட்டும் சுவரை மூடச் சொல்லுங்கள்.